சார்ஜர் முனையில் களிம்பு: ஸ்மார்ட்வாட்சிலும் இயர்பட்ஸிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் வாட்ச் சார்ஜர் சில மாதங்களில் சண்டித்தனம் செய்யத் தொடங்கினால், பெரும்பாலோர் பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதற்கு முன் சார்ஜரைத் திருப்பி, அதிலுள்ள சிறு பின்களை ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்று தங்க நிறத்தில் பளபளக்க, இன்னொன்று மட்டும் பச்சையாகவோ கறுத்தோ இருந்தால், பேட்டரியின் மேல் பழி போட வேண்டியதில்லை.

இரண்டு பின்களும் ஒரே வியர்வையைத்தான் பார்த்தன, ஒரே காற்றில்தான் கிடந்தன. அழுக்குதான் காரணம் என்றால் இரண்டும் ஒன்றுபோல் கெட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் கெட்டிருக்கிறது என்றால், கெட்டது அநேகமாக நேர்முனைதான். வியர்வையோடு மின்னழுத்தமும் சேர்ந்ததால் வந்த அரிப்பு அது.

இந்தப் பின்கள் பெரும்பாலும் பித்தளையால் ஆனவை. அதன் மேல் நிக்கல் பூச்சு, அதற்கும் மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தங்கப் பூச்சு. இவ்வளவு மெல்லிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். சார்ஜரைச் சுவிட்சில் செருகியதும் இரு முனைகளுக்கும் நடுவே 5 வோல்ட் நிற்கிறது. வாட்சின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தால், உப்பு கலந்த வியர்வை இரண்டு முனைகளையும் பாலம்போல் இணைத்துவிடும். பள்ளி ஆய்வகத்தில் செய்யும் மின்னாற்பகுப்புதான் இங்கும் நடக்கிறது. நேர்முனையின் உலோகம் அயனிகளாகக் கரைந்து வெளியேறுகிறது. துளைகள் வழியே நிக்கலும் செம்பும் போகின்றன. உப்புக் கரைசலில் இந்த அளவு மின்னழுத்தம் இருந்தால் தங்கம்கூட மெல்லக் கரையும். கரைந்த செம்பின் உப்புதான் நாம் பார்க்கும் பச்சைக் களிம்பு.

ஆகவே முதல் தவறு, விளையாடிவிட்டோ ஓடிவிட்டோ வந்த கையோடு வாட்சைக் கழற்றிச் சார்ஜரில் ஒட்டிவைப்பது. "துடைத்துவிட்டுத்தானே வைக்கிறேன்" என்பார்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் தண்ணீர் போகும், உப்பு தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்வது இதனால்தான். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இரவு ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். மாலையில் காய்ந்த நிலையில் சார்ஜரில் வைத்த வாட்ச், நள்ளிரவில் அந்த இடத்தில் ஈரமாகியிருக்கும். இரவு முழுவதும் 5 வோல்ட்டும் அங்கேயே இருக்கும். நீர் தொட்ட துணியால் வாட்சின் முதுகைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுச் சார்ஜரில் வைத்தால் இந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். மற்ற எல்லா யோசனைகளையும்விட இந்த ஒரு பழக்கத்துக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

வாட்சை எடுத்த பிறகும் சார்ஜரைச் சுவிட்சிலேயே விட்டுவைப்பது இதன் தொடர்ச்சி. சில சார்ஜர்கள் வாட்ச் ஒட்டியிருப்பதை உணர்ந்த பிறகே மின்சாரம் தரும். மலிவான பலவற்றில் அந்த ஏற்பாடு இல்லை. முனைகளில் ஒட்டிய உப்பும் கடற்காற்றின் ஈரமும் வாட்ச் இல்லாமலேயே அரிப்பைத் தொடரப் போதும்.

களிம்பு ஏறிய பிறகு சார்ஜ் எப்படிக் குறைகிறது என்பதைத் திருவான்மியூரில் இருக்கும் என் உறவினர் ஒருவரின் வாட்சை வைத்துச் சொல்கிறேன். தினமும் மாலை இறகுப்பந்து ஆடுபவர். 30 சதவீதத்திலிருந்து ஒழுங்காக ஏறும் சார்ஜ், 70ஐ நெருங்கியதும் நின்றுவிடும். பிறகு வாட்ச் "சார்ஜ் ஆகிறது" என்று அதிரும், நிற்கும், மறுபடியும் அதிரும். புது பேட்டரி போட வேண்டும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். சார்ஜரின் ஒரு பின்னில் பச்சை படிந்திருந்தது. பக்கவாட்டில் பார்த்தபோது அந்தப் பின் மற்றதைவிடச் சற்றே உள்வாங்கியும் இருந்தது.

கணக்கு எளிது. வாட்ச் 100 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். களிம்பு படிந்த இடத்தில் 10 ஓம் மின்தடை ஏறியிருந்தால், அங்கேயே 1 வோல்ட் வீணாகிவிடும். மிச்சம் 4 வோல்ட்தான் வாட்சுக்குள் போகிறது. லித்தியம் பேட்டரி நிறைவதற்கு 4.2 வோல்ட் வரை ஏற வேண்டும். பேட்டரி காலியாக இருக்கும்போது 4 வோல்ட் தாராளம். பாதிக்கு மேல் ஏறியதும் உள்ளே தள்ளுவதற்குப் போதிய வித்தியாசம் இல்லாமல் சார்ஜ் நின்றுவிடும். நின்றவுடன் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லையென்றால் களிம்பில் இழப்பும் இல்லை. வாட்சுக்கு மறுபடியும் முழு 5 வோல்ட் தெரிகிறது, உடனே சார்ஜைத் தொடங்குகிறது, தொடங்கியதும் மறுபடியும் விழுகிறது. அந்த அதிர்வுக்குக் காரணம் இதுதான். கீழே நன்றாக ஏறி, மேலே போகப் போகத் தடுமாறினால் முதலில் முனையைச் சந்தேகியுங்கள். பேட்டரியே தேய்ந்திருந்தால் அடையாளம் வேறு: 100 வரை மளமளவென ஏறும், இறங்கும்போதும் மளமளவென இறங்கும்.

சுத்தம் செய்யப்போய் கெடுப்பது

பச்சையைப் பார்த்ததும் நம் வீட்டுக் கை தானாகப் புளியைத் தேடும். பித்தளைக் குத்துவிளக்கு புளி போட்டுத் தேய்த்தால் மின்னுகிறது அல்லவா! புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் களிம்பைக் கரைப்பது உண்மைதான். ஆனால் விளக்கை அலசுவதுபோல் சார்ஜரைக் குழாயடியில் அலச முடியாது. இந்தப் பின்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு குழலுக்குள் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அமிலம் அந்தக் குழலுக்குள் இறங்கினால் வெளியே வராது. மேலே பளபளப்பாகத் தெரியும், உள்ளே ஸ்பிரிங் அரித்துக்கொண்டிருக்கும். சில வாரங்களில் பின் மேலெழும்பாமல் சிக்கிக்கொள்ளும்.

உப்புத்தாள், பற்பசை, விபூதி, கத்தி முனை எதுவும் வேண்டாம். இவையெல்லாம் களிம்போடு சேர்த்துத் தங்கப் பூச்சையும் சுரண்டிவிடும். அன்றைக்குச் சார்ஜ் ஏறும், நம் வைத்தியம் பலித்தது என்று தோன்றும். பூச்சு போன இடத்தில் அடுத்த களிம்பு முன்பைவிட வேகமாக வரும்.

ஊசியால் குத்துவது இன்னொரு வகை ஆபத்து. சார்ஜருக்குள் இருக்கும் நியோடிமியம் காந்தம் ஊசியை வெடுக்கென்று இழுத்து இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒட்டிவிடும். மின்சாரம் இருந்தால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட். இரும்பு இடுக்கிக்கும் இதுவே பொருந்தும்.

ஆல்கஹால் விஷயத்தில் விவரம் தெரிந்தவர்களே கோட்டை விடுகிறார்கள். சர்வீஸ் கடைகளில் 'ஐபிஏ' என்று சொல்லும் ஐசோபுரோபைல் ஆல்கஹால், எண்ணெய்ப் பிசுக்கை அருமையாக எடுக்கும். ஆனால் 99 சதவீத ஆல்கஹாலில் உப்பு கரைவதேயில்லை என்று சொல்லலாம். அதை மட்டும் வைத்துத் துடைத்தால் முனை சுத்தமாகத் தெரியும், உப்பு அப்படியே இருக்கும். உப்பை எடுக்கத் தண்ணீர்தான் வேண்டும். தண்ணீரை விரட்ட ஆல்கஹால் வேண்டும். வரிசை அதுதான்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதுமானது. பாட்டிலில் பெயரைப் படித்து வாங்குங்கள், அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் விற்பார்கள். சார்ஜரைச் சுவிட்சிலிருந்து கழற்றி, வாட்சையும் அணைத்துவிடுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை நீரில் தொட்டு, சொட்டாதபடி பிழிந்து, ஒவ்வொரு முனையையும் வாட்சின் முதுகிலுள்ள தகட்டையும் துடையுங்கள். குச்சியில் பச்சை ஒட்டுவது நிற்கும்வரை புதுக் குச்சியாக மாற்றிக்கொண்டே இருங்கள். இறுகிப்போன களிம்புக்கு மென்மையான நைலான் பல்துலக்கியை நீரில் தொட்டு, அழுத்தாமல் தேய்க்கலாம். பிறகு சார்ஜரைத் தலைகீழாகப் பிடித்து, மரப் பல்குச்சியின் மழுங்கிய முனையால் ஒவ்வொரு பின்னையும் பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தி விடுங்கள். குழலுக்குள் இருக்கும் அழுக்கு கீழே உதிர வேண்டும் என்பதற்குத்தான் தலைகீழாகப் பிடிப்பது. கடைசியாக ஐபிஏ தொட்ட புதுக் குச்சியால் ஒருமுறை துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் விடுங்கள்.

அவசரப்பட்டு ஹேர் டிரையரைக் காட்ட வேண்டாம். சாதாரண வகை நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிடிப்பை இழக்கத் தொடங்கும். அதற்கும் முன்பே பசை இளகலாம். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் மூன்றும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். கிருமிநாசினி ஜெல்லில் பிசினும் கிளிசரினும் இருப்பதால் அதுவும் ஒரு படலத்தை விட்டுச் செல்லும்.

என் உறவினரின் சார்ஜர் இந்த முறையில் தேறியது. உள்வாங்கிய பின் மேலெழும்பியது, சார்ஜும் 100 வரை தடங்கலின்றி ஏறியது. எல்லாம் அப்படித் தேறாது. துடைத்த பிறகு முனையில் செம்பின் சிவப்பு தெரிந்தாலோ, குழி விழுந்திருந்தாலோ, அழுத்தியதும் அந்தப் பின் திரும்ப எழாவிட்டாலோ அந்தச் சார்ஜரின் ஆயுள் முடிந்தது.

இயர்பட்ஸ் பெட்டியில் ஒரு வித்தியாசம்

வாட்ச் சார்ஜரைச் சுவிட்சிலிருந்து பிடுங்கினால் மின்சாரம் போய்விடும். இயர்பட்ஸ் பெட்டிக்குள் பேட்டரியே இருப்பதால் அதன் முனைகளில் எப்போதும் மின்னழுத்தம் இருக்கலாம் என்று எண்ணியே கை வைக்க வேண்டும். குழிக்குள் எந்தத் திரவத்தையும் ஊற்றாதீர்கள், தெளிக்காதீர்கள். பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, லேசாக நனைந்த குச்சியால் மட்டும் துடையுங்கள். இங்கே வியர்வையோடு காதழுக்கும் சேர்கிறது. அது மெழுகுத்தன்மை உள்ளது என்பதால் முதலில் ஐபிஏ, பிறகு நீர், மறுபடியும் ஐபிஏ என்று போக வேண்டும். ஒலி வரும் வலைப்பகுதியில் மட்டும் திரவம் படக் கூடாது, கரைந்த மெழுகு உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். நடைப்பயிற்சி முடிந்ததும் பட்ஸை ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டு மூடினால், காற்றோட்டமில்லாத அந்த இடத்தில் ஈரம் மணிக்கணக்கில் உலராது. துடைத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு மூடுங்கள். ஒரு பக்க பட் மட்டும் சார்ஜ் ஏறாமல் போவதற்கு இதுவே அடிக்கடி காரணம்.

வாட்சுக்குப் புதுச் சார்ஜர் வாங்க நேர்ந்தால் அதே மாடலுக்கானதா என்று பாருங்கள். கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் இரண்டு பின் சார்ஜர்கள் 2.84 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர், 7.62 மில்லிமீட்டர் என்று பின்களின் இடைவெளியை வைத்து விற்கப்படுகின்றன. இடைவெளி பொருந்தினாலும், காந்தம் ஒட்டினாலும், நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறியிருக்கக்கூடும். மல்டிமீட்டரால் பழைய சார்ஜரிலும் புதியதிலும் எந்தப் பக்கம் நேர்முனை என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாட்சை வையுங்கள். அளக்கும்போது மீட்டரின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வைப்பதற்கு முன் வாட்சின் முதுகிலுள்ள தகட்டையும் மேலே சொன்னபடி துடைத்துவிடுங்கள், பழைய உப்பு அங்கேயும் இருக்கும்.