பக்கத்துக் கடையுடன் கைகோக்கும் முன் ஐம்பது அட்டை

சிங்கப்பூர் தேக்காவில் ரவிக்கை தைக்கும் கடை எங்களுடையது. இரண்டு கடை தள்ளி வளையல் கடை. "அக்கா, கூட்டாக ஏதாவது செய்யலாமா?" என்று மட்டும் கேட்டபோது, அவர் சிரித்து மழுப்பிவிட்டார். மறுமுறை அவருக்கு என்ன லாபம் என்பதில் தொடங்கினேன்: "ரவிக்கை வாங்க வருகிறவர்கள் புடவையும் கையுமாகத்தான் வருகிறார்கள். நிறம் பார்த்து வளையல் எடுக்க உங்களிடம் அனுப்புகிறேன்."

அவர் சம்மதித்தார். இரண்டு வாரச் சோதனை: வாடிக்கையாளரிடம் கொடுத்து மற்ற கடைக்கு அனுப்ப ஆளுக்கு ஐம்பது அட்டை, அனுப்பும் கடையின் முத்திரையுடன். அட்டைக்கு மூன்று வெள்ளி தள்ளுபடி. புது வாடிக்கையாளரைப் பெறும் கடையே அதை ஏற்கும். பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டோம். திரும்பிய அட்டைகளை ஆணியில் குத்திவைத்து எண்ணினோம். தீபாவளி நெருக்கத்தில் மட்டும் சோதிக்காதீர்கள். அப்போது அட்டை இல்லாமலே கூட்டம் வரும், கணக்கு ஏமாற்றும்.