டாலர் 75-லிருந்து 82.50 ஆனால் யாருக்கு லாபம்? ஒரு பனியன் ஆர்டரை வைத்துக் கணக்குப் போடும் முறை

ரூபாயின் மதிப்பு சரிந்தால் ஏற்றுமதியாளருக்கு நன்மை, இறக்குமதியாளருக்குப் பாதிப்பு என்று வணிகவியல் பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. தேர்வுக்கு அது போதும். ஆனால் நன்மை எவ்வளவு, அது எப்போது கைக்கு வராமல் போகிறது என்று கேட்டால் அந்த வரி உதவாது. எனவே ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு, திருப்பூர் பனியன் நிறுவனம் ஒன்றின் ஆர்டரைப் படிப்படியாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கணக்கிடும் முறை தொழிலில் உள்ளதுதான்.

படி 1: விகிதத்தைச் சரியான திசையில் படியுங்கள்

ஒரு டாலருக்கு 75 ரூபாய் என்பது 82.50 ஆனால், எண் கூடியிருக்கிறது, ரூபாய் இறங்கியிருக்கிறது. இந்த எண் டாலரின் விலை என்பதை மனத்தில் வைத்தால் குழப்பம் வராது. டாலரின் விலை இங்கே 10 சதவீதம் உயர்ந்திருக்கிறது. ரூபாயின் மதிப்பும் அதே 10 சதவீதம் சரிந்தது என்று எழுதினால் அது பிழை. முன்பு 75 ரூபாய்க்குக் கிடைத்த டாலருக்கு இப்போது 82.50 தேவைப்படுவதால், ஒரு ரூபாயால் வாங்கக்கூடிய டாலரின் அளவு 75-ஐ 82.50-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 0.909 மடங்காகக் குறைந்துள்ளது. ஆகவே ரூபாயின் சரிவு சுமார் 9.1 சதவீதம்.

செய்தித்தாளில் வரும் விகிதம் அப்படியே யாருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதியாளரிடம் வங்கி டாலரைச் சற்றுக் குறைந்த விலைக்கு வாங்குகிறது, இறக்குமதியாளருக்குச் சற்றுக் கூடுதல் விலைக்கு விற்கிறது. நம் கணக்கில் இந்த இடைவெளியை விட்டுவிடுவோம்.

படி 2: ஏற்றுமதியாளரின் செலவை இரண்டாகப் பிரியுங்கள்

பெரும்பாலானோர் தவறவிடும் படி இதுதான். நம் நிறுவனம் 10,000 டி-சர்ட்டுகளை, ஒன்று 3 டாலர் வீதம், ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்புகிறது. இன்வாய்ஸ் தொகை 30,000 டாலர். நூல், கூலி, மின்சாரம், வாடகை ஆகிய ரூபாய்ச் செலவுகள் 18,00,000. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் சாயப்பொருள், பொத்தான், எலாஸ்டிக் ஆகியவற்றுக்கு 4,000 டாலர்.

டாலர் 75 ரூபாயாக இருக்கும்போது வரவு 22,50,000. அதிலிருந்து ரூபாய்ச் செலவு 18,00,000-ஐயும், டாலர்ச் செலவின் ரூபாய் மதிப்பான 3,00,000-ஐயும் கழித்தால் லாபம் 1,50,000.

டாலர் 82.50 ஆனதும் அதே சரக்குக்கு வரவு 24,75,000. ரூபாய்ச் செலவு மாறவில்லை. டாலர்ச் செலவு 3,30,000 ஆகிறது. லாபம் 3,45,000.

டாலர் 10 சதவீதமே உயர்ந்தது, ஆனால் லாபம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. வரவு முழுவதும் டாலரோடு சேர்ந்து ஏற, செலவின் பெரும்பகுதி ரூபாயிலேயே நின்றுவிட்டதுதான் காரணம். கணக்கு சரியா என்று பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. டாலர் வரவிலிருந்து டாலர்ச் செலவைக் கழித்தால் 26,000 டாலர் மிஞ்சுகிறது. அதை விகித உயர்வான 7.50-ஆல் பெருக்கினால் 1,95,000. கூடிய லாபமும் அதுவே.

சூரத்தின் வைரத் தொழிலை இந்தக் கண்ணோடு பாருங்கள். பட்டை தீட்டாத வைரம் டாலரில் வாங்கப்படுகிறது, பட்டை தீட்டிய வைரம் டாலரில் விற்கப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே மிஞ்சும் தொகை சிறியது என்பதால், ஏற்றுமதி மதிப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ரூபாய்ச் சரிவால் கிடைக்கும் ஆதாயம் அந்த மிச்சத்தின் அளவுக்கே இருக்கும்.

படி 3: இறக்குமதியாளரின் கணக்கு

சென்னையில் ஒரு வியாபாரி 20,000 டாலருக்குத் தையல் இயந்திர உதிரிபாகங்களை 90 நாள் கடனில் வரவழைக்கிறார். சரக்கு துறைமுகத்துக்கு வந்த அன்று டாலர் 75 ரூபாய். சுங்க வரி 10 சதவீதம் என்று கொண்டால் 1,50,000 ரூபாயை அன்றே கட்டிவிடுகிறார். மற்றச் செலவுகள் 60,000. பொருளுக்கு 15,00,000 ஆகும் என்று கருதி, மொத்தச் சரக்கையும் 18,00,000 ரூபாய்க்குக் கொடுப்பதாக ஒப்புக்கொள்கிறார். எதிர்பார்த்த லாபம் 90,000.

90 நாள் கழித்துப் பணம் அனுப்பும்போது டாலர் 82.50. அனுப்ப வேண்டியது 16,50,000. விற்பனை விலை ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று. மொத்தச் செலவு 18,60,000 ஆகிவிட, லாபம் 60,000 ரூபாய் நட்டமாக மாறுகிறது. அடுத்த முறை சரக்கு எடுக்கும்போது இன்னொரு சுமையும் சேரும். சுங்க வரி ரூபாய் மதிப்பின் மீது கணக்கிடப்படுவதால், வரி விகிதம் மாறாமலேயே வரித் தொகை 1,65,000 ஆகிவிடும். அந்தச் சரக்குக்கு அவர் விலையை உயர்த்த முடியுமா என்பது, அதே பொருளை உள்நாட்டில் யாராவது தயாரிக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

படி 4: ஆதாயம் யார் கையில் தங்குகிறது என்று பாருங்கள்

படி 2-இல் கிடைத்த 1,95,000 ரூபாய் முழுவதும் நிறுவனத்திடமே தங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. விகிதம் மாறியது வாங்குபவருக்கும் தெரியும். அடுத்த ஆர்டரில் விலையைக் குறைக்கச் சொல்வார். பழைய லாபமான 1,50,000 போதும் என்று நிறுவனம் முடிவுசெய்தால் அதற்குத் தேவையான வரவு 22,80,000. அதை 82.50-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 27,636 டாலர், அதாவது ஒரு டி-சர்ட்டுக்குச் சுமார் 2.76 டாலர். 24 சென்ட் வரை குறைக்க இடமிருக்கிறது. நாணயம் சரிந்தால் ஒரு நாட்டின் பொருள் வெளிநாட்டில் மலிவாகும் என்று பாடநூல் கூறுவதன் உட்பொருள் இந்த 24 சென்ட்தான். ஏற்றுமதியாளர் அதை லாபமாக வைத்துக்கொள்ளலாம், விலையில் விட்டுக்கொடுத்துக் கூடுதல் ஆர்டர் பிடிக்கலாம். இரண்டையும் முழுமையாகச் செய்ய இயலாது.

ஆர்டர் எடுத்த அன்றே வங்கியுடன் முன்னோக்கு ஒப்பந்தம், அதாவது ஃபார்வர்டு, போட்டு டாலருக்கு 76 ரூபாய் என்று உறுதிசெய்துவிட்டவருக்கு, டாலர் 82.50 ஆனாலும் அந்தத் தொகைக்கு 76 மட்டுமே கிடைக்கும். இதை நட்டம் என்று எழுதும் மாணவர்கள் உண்டு. டாலர் 70-க்கு இறங்கியிருந்தாலும் அவருக்கு 76 கிடைத்திருக்கும் என்பதால், அவர் வாங்கியது பாதுகாப்பு என்று கொள்வதே சரி.

படி 5: மற்றவை மாறவில்லையா என்று சோதியுங்கள்

மேற்கண்ட கணக்கு ரூபாய்ச் செலவு 18,00,000-லேயே நிற்கிறது என்ற அனுமானத்தின் மீது நிற்கிறது. 2022-இல் அந்த அனுமானம் உடைந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 75-க்குச் சற்றுக் கீழே இருந்த டாலர், அக்டோபரில் 83-ஐத் தாண்டியது; நம் கணக்கின்படி திருப்பூருக்கு அது நல்ல ஆண்டாக இருந்திருக்க வேண்டும். ஆனால் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பருத்தியின் விலை மே மாதத்தில் ஒரு லட்சம் ரூபாயைக் கடந்தது, நூல் விலையும் அதோடு ஏறியது. போட்டி நாடான வங்கதேசத்தின் நாணயமான டாக்காவும் அதே ஆண்டில் டாலருக்கு எதிராகச் சரிந்ததால், விலையில் நமக்குக் கிடைத்திருக்கக்கூடிய முன்னிலையும் சுருங்கியது.

இதை நீங்களே சோதிக்கலாம். டாலரை 82.50 என்றே வைத்துக்கொண்டு, ரூபாய்ச் செலவை மட்டும் 18,00,000-லிருந்து 20,00,000 ஆக உயர்த்தி, படி 2-ஐ மீண்டும் போடுங்கள். லாபம் 1,45,000 என்று வரும். டாலர் 75 ரூபாயாக இருந்தபோது கிடைத்ததைவிட 5,000 குறைவு.