நில எல்லை எவ்வளவு, அண்டை எத்தனை: கணக்கு வழுக்கும் இடங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அண்டை மாவட்டங்கள் எத்தனை? வடக்கிலும் கிழக்கிலும் திருநெல்வேலி, மேற்கிலும் வடமேற்கிலும் கேரளத்தின் திருவனந்தபுரம். இரண்டே இரண்டுதான். ஆனால் நாகர்கோவில் பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் கேட்டால் மூன்று, நான்கு என்றெல்லாம் பதில் வரும். ஒருவர் தென்காசியைச் சேர்ப்பார், இன்னொருவர் கொல்லத்தைச் சேர்ப்பார், வேறொருவர் கடலையும் ஓர் அண்டையாக எண்ணிவிடுவார். கேள்வி சின்னதாக இருப்பதால் விதியை யோசிக்காமல் நினைவிலிருந்து எண்ணிவிடுகிறார்கள். அதே பழக்கத்தோடு நாட்டின் எல்லைக் கணக்குக்குப் போகும்போது ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் பிழை வந்துவிடுகிறது.

முதல் தவறு, எதை எண்ணுகிறோம் என்பதை நடுவழியில் மாற்றிக்கொள்வது. கன்னியாகுமரிக்கு அண்டை மாவட்டங்கள் இரண்டு, அண்டை மாநிலம் ஒன்று. இரண்டும் வேறு வேறு கேள்விகள். தமிழ்நாட்டுக்கு வந்தால் கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று அண்டை மாநிலங்கள் மூன்று. அதோடு புதுச்சேரி என்ற யூனியன் பிரதேசம் ஒன்று. 'அண்டை மாநிலங்கள்' என்று கேட்டால் மூன்று. 'அண்டை மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும்' என்று கேட்டால் நான்கு. உத்தரப் பிரதேசத்துக்கு எட்டு என்றும் ஒன்பது என்றும் இரண்டு விடைகள் உலவுவதற்கும் இதுவே காரணம். எட்டு மாநிலங்கள், அப்புறம் டெல்லி.

புதுச்சேரியில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. காரைக்கால் தனித் துண்டு. புதுச்சேரிப் பகுதியே ஒரே கட்டாக இல்லாமல் தமிழ்நாட்டு ஊர்களுக்கு இடையே சிதறிக் கிடக்கிறது. எண்ணிக்கைக்கு இவையெல்லாம் சேர்ந்து ஒரே அண்டைதான். நீளத்துக்கு அப்படியில்லை: ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் தமிழ்நாட்டை ஒட்டி ஓடும் கோட்டைத் தனித்தனியாக அளந்து கூட்ட வேண்டும். மாஹே கேரளத்தையும் ஏனாம் ஆந்திரத்தையும் ஒட்டியவை. புதுச்சேரியின் பகுதிகள்தானே என்று அவற்றின் எல்லையையும் தமிழ்நாட்டுக் கணக்கில் போட்டுவிடக் கூடாது.

அடுத்தது தேதி. தென்காசி 2019-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. ஆனாலும் குமரியைத் தொடும் பகுதி திருநெல்வேலியிலேயே நின்றுவிட்டதால் நம் எண்ணிக்கை மாறவில்லை. தெலங்கானா 2014-இல் பிரிந்தபோதும் இதே கதை. அது தமிழ்நாட்டைத் தொடவில்லை. ஆக, புதிதாக ஒன்று பிரிந்தாலே அண்டை கூடிவிடும் என்று நினைக்கக் கூடாது. புதிதாகப் பிறந்த பகுதி நம்மைத் தொடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். தேதி நிஜமாகவே எல்லாவற்றையும் மாற்றிய இடம் நம் மாவட்டம். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. அன்று மாநில எல்லை கிழக்கே ஆரல்வாய்மொழிப் பக்கம் இருந்தது. அன்றைக்குப் பிறகு அது மேற்கே களியக்காவிளைக்கு நகர்ந்துவிட்டது. பழைய எல்லை இப்போது வெறும் மாவட்ட எல்லை. 1950-களின் தொடக்கத்தில் அச்சான புத்தகத்திலிருந்து சென்னை மாநிலத்தின் எல்லை நீளத்தை எடுத்து இன்றைய தமிழ்நாட்டுக்கு எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீளத்தில் நிறையப் பேர் செய்கிற தவறு, சுற்றளவை நில எல்லை என்று எழுதுவது. கடற்கரை நில எல்லையில் சேராது. குமரியின் தெற்கு விளிம்பு முழுவதையும் நீக்கிவிட்டு, கேரளத்தோடும் திருநெல்வேலியோடும் ஒட்டும் கோட்டை மட்டும்தான் அளக்க வேண்டும். இதைச் சரியாகப் புரிந்துகொண்ட சிலர் அடுத்த அடியில் வழுக்குகிறார்கள்: 'தண்ணீர் நிலம் இல்லையே' என்று ஆற்றின் வழியே ஓடும் எல்லையையும் கழித்துவிடுகிறார்கள். அது தவறு. ஆறும் ஏரியும் எல்லைக் கோடாக இருந்தால் அந்த நீளமும் நில எல்லைதான். இந்திய-வங்கதேச எல்லையில் சுமார் 1,116 கிலோமீட்டர் ஆறுகளின் வழியே போகிறது. அதைக் கழித்தால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விடும்.

கூட்டும் முறையிலும் கவனம் வேண்டும். மாவட்டங்களின் எல்லை நீளங்களைக் கூட்டி மாநிலத்தின் நீளம் என்று எழுதினால் குமரி-திருநெல்வேலிக் கோடு இரண்டு தடவை உள்ளே வரும். உண்மையில் அது ஒரு தடவைகூட வரக் கூடாத கோடு. மாநில எல்லைக்குக் குமரி தருவது திருவனந்தபுரத்தோடு ஒட்டும் பகுதி மட்டும்தான். சரியான கூட்டலுக்கு வங்கதேச எல்லை நல்ல எடுத்துக்காட்டு. மேற்கு வங்கம் 2,216.7, திரிபுரா 856, மேகாலயா 443, மிசோரம் 318, அசாம் 263. கூட்டினால் 4,096.7 கிலோமீட்டர். எல்லைக் கோட்டின் எந்தத் துண்டும் ஒரு மாநிலத்துக்கு மேல் சொந்தமில்லை என்பதால் இந்தக் கூட்டல் சரியாக வருகிறது.

இனி பெரிய சிக்கலுக்கு வருவோம். இந்தியாவின் நில எல்லை எவ்வளவு? உள்துறை அமைச்சகம் சொல்வது 15,106.7 கிலோமீட்டர், அண்டை நாடுகள் ஏழு. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. வெளியிட்ட உலகத் தகவல் தொகுப்பில் இருப்பது 13,888 கிலோமீட்டர், அண்டை நாடுகள் ஆறு. வித்தியாசம் 1,218.7 கிலோமீட்டர். யாரோ தப்பாக அளந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுவதுதான் இங்கே பெரும் தவறு. நாடு நாடாகப் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

சீனாவுக்கு இந்தியக் கணக்கு 3,488, சி.ஐ.ஏ. கணக்கு 2,659. இங்கேயே 829 கிலோமீட்டர். ஆப்கானிஸ்தானுக்கு இந்தியக் கணக்கு 106, சி.ஐ.ஏ. பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. இரண்டும் சேர்ந்து 935. மியான்மர், பாகிஸ்தான், பூட்டான் மூன்றிலும் இந்திய எண் கொஞ்சம் கூடுதல். நேபாளத்திலும் வங்கதேசத்திலும் மாறாக அமெரிக்க எண்தான் கூடுதல். ஆக, வித்தியாசத்தில் பெரும் பகுதி லடாக் சார்ந்த எல்லையிலிருந்து வருகிறது. சீன எல்லையின் 3,488-இல் லடாக் பங்கு மட்டும் 1,597 கிலோமீட்டர். அதை எடுத்துவிட்டால் மீதி 1,891. சீனத் தரப்பு இந்தியாவோடு தனக்குள்ள எல்லை சுமார் 2,000 கிலோமீட்டர் என்று சொல்லிவருவதை இதோடு வைத்துப் பார்த்தால், சண்டை அளவுகோலில் இல்லை, எந்தத் துண்டைச் சேர்ப்பது என்பதில்தான் என்று புரியும்.

ஆப்கானிஸ்தானின் 106 கிலோமீட்டர் இதைவிட நுட்பமானது. அந்த எல்லை பாகிஸ்தான் ஆக்கிரமிப்பில் உள்ள காஷ்மீரின் வடக்கு விளிம்பில், ஆப்கானிஸ்தானின் வாகான் பகுதியை ஒட்டி இருக்கிறது. முழு காஷ்மீரும் இந்தியாவுடையது என்ற நிலைப்பாட்டின்படி ஆப்கானிஸ்தான் நமக்கு அண்டை நாடு. அதனால்தான் நம் பாடப் புத்தகத்தில் ஏழு. ஆனால் அதே பட்டியலில் பாகிஸ்தானுக்குக் கொடுத்திருக்கும் 3,323 கிலோமீட்டரில் கட்டுப்பாட்டுக் கோடும் அடங்கியிருக்கிறது. அதாவது பாகிஸ்தான் வரியில் இன்றைய நடைமுறைக் கோடு, ஆப்கானிஸ்தான் வரியில் சட்டப்படியான உரிமைக் கோடு. குஜராத்திலிருந்து புறப்பட்டுப் பாகிஸ்தானோடு இருக்கும் கோட்டிலேயே நடந்துபோனால் வாகானை ஒட்டிய அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே மாட்டோம். 15,106.7 என்பது தொடர்ச்சியான ஒரே கோட்டின் நீளம் இல்லை, ஏழு வரிகளின் கூட்டுத் தொகை. அரசின் அதிகாரபூர்வ எண்ணாக இதைத்தான் எழுத வேண்டும், தேர்வில் விடையும் இதுதான். ஆனால் இதன் ஒரு வரியை எடுத்து வேறு பட்டியலின் வரியோடு கலந்து கூட்டிவிடக் கூடாது. இணையத்தில் 'அண்டை நாடுகள் ஏழு, நீளம் 13,888' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், இரண்டு பட்டியல்கள் கலந்துவிட்டன என்று உடனே கண்டுபிடித்துவிடலாம்.

கடல் அண்டையை நிலத்தோடு கலப்பது தனித் தவறு. இலங்கையும் மாலத்தீவும் இந்த ஏழில் இல்லை. இலங்கையோடு கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களால் வரையப்பட்டது. நம் கடற்கரையிலிருந்து பார்த்தால் இந்த இரண்டு நாடுகளும்தான் நெருங்கிய அயலார் என்று தோன்றும். மீனவக் குடும்பங்களுக்கு அது வெறும் தோற்றமும் இல்லை. இருந்தாலும் நில எல்லைக் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை.

கடைசியாக அளவுகோல். ஒரே கோட்டைக் கவராயத்தை அகலமாகத் திறந்து அளந்தால் ஒரு நீளம், குறுக்கித் திறந்து அளந்தால் அதைவிடக் கூடுதல் நீளம் வரும். வளைவுகள் அதிகமான கோட்டில் இது இன்னும் பெரிதாகத் தெரியும். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் ஸ்பெயின்-போர்ச்சுகல் எல்லைக்கு ஒரு மூலத்தில் 987 கிலோமீட்டரும் இன்னொன்றில் 1,214 கிலோமீட்டரும் இருப்பதைக் கவனித்து இதை ஆராய்ந்தார். எல்லை நகரவில்லை, அளந்த விதம்தான் மாறியது. இந்தியக் கடற்கரை 7,516.6 கிலோமீட்டரிலிருந்து 11,098.8 ஆக மாறியதும், தமிழ்நாட்டுக் கடற்கரை 906.9-இலிருந்து 1,068.69 ஆக மாறியதும், பெரும்பாலும் நுணுக்கமான வரைபடத்தில் மறுபடி அளந்ததால்தான். கரை வளர்ந்துவிட்டது என்று இதை வாசிக்கக் கூடாது.

நீங்களே முயன்று பார்க்க நம் மாவட்டத்தின் மேற்கு எல்லையே போதும். நீரோடிக் கடற்கரையில் தொடங்கி, களியக்காவிளை, பனச்சமூடு வழியாக, திருநெல்வேலியும் திருவனந்தபுரமும் குமரியும் சந்திக்கும் மலை முனை வரைக்கும் கைப்பேசி வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போங்கள். முதலில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி, பிறகு அரை கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி. ஊர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பகுதியில்தான் இரண்டு அளவும் அதிகம் விலகும். கிடைத்த எண்ணை எழுதும்போது புள்ளிகளின் இடைவெளி, வரைபடத்தின் பெயர், பார்த்த தேதி மூன்றையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். இன்னொருவர் வேறு எண்ணோடு வந்தால், யார் எங்கே மாறினார்கள் என்று சரிபார்க்க அந்தக் குறிப்பு இல்லாமல் வழியில்லை.