சலூனுக்கு வரும் பெரியவர்களுக்காக: வாசல்படியும் நாற்காலியும்

எங்கள் சலூன் வாசல்படி 6 அங்குல உயரம். முழங்கால் வலியோடு வரும் பெரியவர்கள் அங்கே நின்று, பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று கையால் தேடுவார்கள். சாய்தளம் கட்டலாம் என்றால், 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்ற சரிவுக்கு 6 அடி நீளம் வேண்டும். தெருவில் நிரந்தரமாகக் கட்ட அவ்வளவு இடம் இல்லை. நீளத்தைக் குறைத்தால் சரிவு செங்குத்தாகி, ஏறும்போது சக்கர நாற்காலி பின்பக்கம் சாய்ந்துவிடும்.

அதனால் வாசலின் ஒரு ஓரத்தில் 3 அங்குல உயரத்தில் அகலமான இடைப்படி கட்டி, பக்கச் சுவரில் இரும்புக் குழாயைக் கைப்பிடியாகப் பதித்தோம். படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட். மறு ஓரத்தில், சக்கர நாற்காலி வரும்போது மட்டும் போட்டு எடுக்க, 6 அடி நீளத்தில் கனமான பலகை ஒன்று. அது வழுக்காமல் இருக்க மேலேயும் அடியிலேயும் ரப்பர் ஒட்டியிருக்கிறோம்.

உள்ளே பெரிய ஆபத்து, சுழல் நாற்காலியின் கால்மிதி. பெரியவர்கள் அதைப் படி என்று நினைத்து ஏறுவார்கள். நாற்காலி சுழன்றோ முன்னால் கவிழ்ந்தோ விடும். முதலில் நாற்காலியை முழுக்க இறக்குங்கள். சுழலாமல் பூட்டுங்கள், கால்மிதியை மடக்குங்கள். "ஐயா, பின்னங்கால் சீட்டில் தட்டுதா? இப்ப உட்காருங்க" என்று சொல்லுங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு வலிக்கும். உங்கள் முன்கையை நீட்டுங்கள், அவரே பிடித்துக்கொள்வார்.

சக்கர நாற்காலியில் வருபவரை இடம் மாற்றவே வேண்டாம். பிரேக் போட்டு, அதிலேயே முடி வெட்டலாம்.