முதல் பக்கம் முதலில் வர: இணையப் பிடிஎஃப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மாணவர் சங்கம் ஒன்றின் 64 பக்க ஆண்டு மலரை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. கோப்பின் அளவு 48 மெகாபைட். அலுவலக இணைப்பில் அது சட்டென்று திறந்ததால் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். நொடிக்கு 512 கிலோபிட் வேகம் மட்டுமே கிடைக்கும் ஊரிலிருந்து ஒருவர் பேசியபோதுதான், பத்து நிமிடத்துக்கு மேலாகியும் அவர் திரையில் அட்டைகூட வரவில்லை என்பது தெரிந்தது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது: அந்த வேகத்தில் நொடிக்கு 64 கிலோபைட் வரும், 48 மெகாபைட் முழுவதும் வந்து சேர ஏறக்குறைய 13 நிமிடம் ஆகும். ஒரே ஒரு பக்கத்தைக் காட்ட ஏன் முழுக் கோப்பும் வர வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டால், இந்த வேலையில் நேரும் தவறுகள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்பதும் விளங்கிவிடும்.

பிடிஎஃப் கோப்பில் எழுத்துரு, படம், பக்கம் என எல்லாமே தனித்தனிப் பொருள்களாகச் சேமிக்கப்படுகின்றன. எந்தப் பொருள் எந்த பைட்டில் தொடங்குகிறது என்ற அட்டவணை, வழக்கமாகக் கோப்பின் கடைசியில் இருக்கிறது. ஆகவே படிக்கும் மென்பொருள் வாலைப் பிடித்துத்தான் தலைக்கு வர வேண்டும். முதல் பக்கத்துக்கு உரிய பொருள்களும் கோப்பின் தொடக்கத்தில்தான் இருக்கும் என்று உறுதி இல்லை. நடுவிலோ கடைசியிலோ சிதறிக் கிடக்கலாம். 1996-இல் வந்த பிடிஎஃப் 1.2 பதிப்பு இதற்கு ஒரு வழி செய்தது. முதல் பக்கத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும், அவற்றுக்கு உரிய சிறிய அட்டவணையோடு சேர்த்து, கோப்பின் முகப்பிலேயே வைத்துவிடுவதுதான் அந்த வழி. இதை லீனியரைஸ் செய்தல் என்பார்கள். அக்ரோபேட்டில் ஆவணத்தின் பண்புகளைத் திறந்தால் `Fast Web View` என்ற வரியில் `Yes` அல்லது `No` என்று தெரிவது இதைத்தான்.

அளவைக் குறைப்பதையும் லீனியரைஸ் செய்வதையும் ஒன்றாக எண்ணுவது முதல் தவறு. நானும் அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு படங்களை நசுக்கத்தான் முதலில் முனைந்தேன். நசுக்கினால் மொத்தக் காத்திருப்பு குறையும். ஆனால் பொருள்களின் வரிசை மாறாது. 48 மெகாபைட்டை 20 ஆக்கினாலும், முழுக் கோப்பும் வந்த பிறகே திறக்கும் நிலை இருந்தால், அதே இணைப்பில் ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். லீனியரைஸ் செய்வதோ அளவைக் குறைப்பதே இல்லை. கூடுதல் அட்டவணைகள் சேர்வதால் கோப்பு சற்றே பெரிதாவதும் உண்டு. `qpdf` என்ற கட்டளைவரிக் கருவியில் இதற்குச் செய்ய வேண்டிய கட்டளை சிறியது:

```
qpdf --linearize malar.pdf malar-web.pdf
qpdf --show-linearization malar-web.pdf
```

இரண்டாம் கட்டளையை ஓட்டாமல் விடுவோர்தான் அதிகம். அது காட்டும் வரிகளில் `file_size` முழுக் கோப்பின் நீளம். `first_page_end` முதல் பக்கத்தின் பொருள்கள் முடியும் இடம். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதல் பக்கம் தோன்ற எவ்வளவு தரவு வந்தாக வேண்டும் என்பது தெரிந்துவிடும். மலர்க் கோப்பில் முதல் பக்கம் 12 லட்சத்துச் சொச்சம் பைட்டில் முடிந்தது. அதாவது மெதுவான இணைப்பில் அட்டை வர ஏறத்தாழ 20 நொடி. 13 நிமிடத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம்தான். ஆனாலும் வெள்ளைத் திரையை 20 நொடி பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது நீண்ட நேரமே.

இங்கேதான் அடுத்த தவறு இருக்கிறது. மொத்த அளவைப் பற்றிக் கவலைப்படும் பலர், முதல் பக்கத்தின் எடையைத் தனியாகப் பார்ப்பதில்லை. மலர், ஆண்டறிக்கை, இதழ் என எதை எடுத்தாலும், மற்றப் பக்கங்களைவிட அட்டைதான் கனமாக இருக்கும்; முழு வண்ணப் படம் அங்கேதான் வரும். ஏ4 அளவுப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 2480 × 3508 புள்ளிகள் கிடைக்கும். 150 என்று வைத்தால் 1240 × 1754, அதாவது அதில் கால் பங்கு. திரையில் பார்க்கும் அட்டைக்கு இது தாராளம். ஆகவே எல்லாப் பக்கங்களின் தரத்தையும் கெடுக்காமல், அட்டையை மட்டும் 150 புள்ளியில் தனிப் பிடிஎஃப்பாக எடுத்து, பழைய அட்டைக்குப் பதிலாக வைத்தேன்:

```
qpdf --linearize malar.pdf --pages attai.pdf 1 malar.pdf 2-z -- malar-web.pdf
```

முதல் பக்கத்தின் எல்லை இரண்டரை லட்சம் பைட்டுக்கு அருகே இறங்கியது. 20 நொடி நான்காகக் குறைந்தது. உள்ளே பொடி எழுத்தில் இருந்த விளம்பரங்களும் நன்கொடையாளர் பட்டியலும் தொடப்படவே இல்லை. முழுக் கோப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நசுக்கியிருந்தால் அந்தப் பட்டியல்தான் முதலில் படிக்க முடியாமல் போயிருக்கும். கோப்பில் புத்தகக்குறிகள் இருந்து, அவற்றில் ஒன்று பழைய அட்டையைச் சுட்டியிருந்தால், இந்த முறையில் அது மட்டும் அறுந்துபோகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சில கோப்புகளில் `first_page_end` என்ற எண், கோப்பின் மொத்த நீளத்தையே நெருங்கி நிற்கும். பல பக்கங்களை ஒட்டித் தரும் சில கருவிகள் எல்லாப் படங்களையும் ஒரே வளப்பட்டியலில் போட்டு, அந்தப் பட்டியலையே ஒவ்வொரு பக்கத்துக்கும் கொடுத்துவிடும். அப்போது கணக்கின்படி முதல் பக்கத்துக்கு 64 பக்கப் படங்களும் தேவை என்றாகிவிடுகிறது. லீனியரைஸ் செய்யும் கருவியும் சொன்ன சொல் தட்டாமல் அத்தனையையும் முகப்புக்குக் கொண்டுவந்து வைக்கும். `Fast Web View` என்ற இடத்தில் `Yes` என்றே இருக்கும். பயன் மட்டும் இருக்காது. அந்த நிலையில் ஸ்கேன் படங்களிலிருந்து பிடிஎஃப்பை வேறு கருவியால் புதிதாக உருவாக்குவதே நல்லது.

எனக்கு அதிக நேரத்தை வீணாக்கியது இவை எதுவும் அல்ல, வேலைகளின் வரிசை. லீனியரைஸ் செய்த கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
<< /Linearized 1 /L 50338211 /H [ 1042 318 ] /O 133 /E 1263870 /N 64 /T 50336702 >>
```

இதில் `/L` என்பது கோப்பின் முழு நீளம், `/E` முதல் பக்கப் பகுதி முடியும் இடம், `/N` பக்கங்களின் எண்ணிக்கை. படிக்கும் மென்பொருள் `/L` எண்ணையும் கோப்பின் உண்மையான நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு பைட் வேறுபட்டாலும் இதைச் சாதாரணக் கோப்பாகவே நடத்த வேண்டும் என்பது விதி. பிடிஎஃப்பில் குறிப்பு எழுதினாலோ, தலைப்பைத் திருத்தினாலோ, படிவத்தை நிரப்பினாலோ, பல மென்பொருள்கள் பழைய பைட்டுகளைத் தொடாமல் மாற்றத்தை வாலில் ஒட்டிச் சேமிக்கின்றன. நீளம் கூடிவிடுகிறது, முகப்பில் உள்ள எண் பழையதாகவே நிற்கிறது. மலரின் ஆசிரியர் பெயரில் இருந்த ஓர் எழுத்துப் பிழையைக் கடைசி நிமிடத்தில் ஆவணப் பண்புகளில் திருத்திச் சேமித்தேன். அதுவரை செய்தது அத்தனையும் அந்த ஒரு சேமிப்பில் பாழானது. கோப்பு பிழையின்றித் திறந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆகவே லீனியரைஸ் செய்வது எப்போதும் கடைசி வேலையாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு கோப்பை வேறு எதிலும் திறந்து சேமிக்கக் கூடாது.

மின்கையொப்பம் இட்ட ஆவணங்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. கையொப்பத்துக்குப் பிறகு லீனியரைஸ் செய்தால் பைட்டுகள் இடம் மாறிக் கையொப்பம் செல்லாததாகிவிடும். முன்பே செய்தால், கையொப்பம் வாலில் ஒட்டும்போது நீளக் கணக்கு கெடும். வாசிப்பதற்கு லீனியரைஸ் செய்த படியும், சான்றுக்குக் கையொப்பப் படியும் என இரண்டு கோப்புகளாக ஏற்றுவதே இதற்கு எனக்குத் தெரிந்த தொல்லையில்லாத வழி.

கோப்பைச் சரியாகச் செய்துவிட்டு சர்வரை மறந்துவிடுவதும் அடிக்கடி நடப்பதே. கோப்பின் வேண்டிய பகுதியை மட்டும் கேட்டு வாங்க, சர்வர் பைட் வீச்சுக் கோரிக்கைகளுக்கு இணங்க வேண்டும். ஃபயர்பாக்ஸ் உலாவிக்குள் இருக்கும் பிடிஎஃப் காட்டி, சர்வர் இதற்கு இணங்கவில்லை என்று கண்டால், லீனியரைஸ் செய்த கோப்பாக இருந்தாலும் முழுவதும் வந்த பிறகே திறக்கும். இதைச் சோதிக்க ஒரு வரி போதும்:

```
curl -s -o /dev/null -D - -H "Accept-Encoding: gzip" \
  -H "Range: bytes=0-1023" https://example.org/malar-web.pdf
```

விடையின் முதல் வரியில் `206` என்றும், பின்னால் `Content-Range: bytes 0-1023/50338211` என்பது போன்ற ஒரு வரியும் வந்தால் நல்லது. `200` என்று வந்தால் சர்வர் முழுக் கோப்பையும் தள்ளுகிறது என்று பொருள். கட்டளையில் உள்ள `Accept-Encoding` என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். உலாவிகள் சர்வரிடம் ஜிஜிப் சுருக்கத்தை ஏற்போம் என்று சொல்லும். `curl` தானாக அப்படிச் சொல்வதில்லை. என்ஜின்எக்ஸ் சர்வரில் `gzip_types` பட்டியலில் `application/pdf` என்று யாராவது சேர்த்திருந்தால், கோப்பு அனுப்பும்போதே சுருக்கப்படும்; அதனால் பைட் வீச்சு வசதி நின்றுவிடும். அந்தப் பகுதி இல்லாமல் சோதித்தால் `206` வந்து நம்மை ஏமாற்றும். ஸ்கேன் பிடிஎஃப்பில் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் ஜிஜிப்பால் மிச்சமாவதும் சொற்பமே, பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். பதிவிறக்க எண்ணிக்கையைக் கணக்கிடுவதற்காக கோப்பை ஒரு பிஎச்பி நிரல் வழியாக `readfile()` கொண்டு அனுப்பும் தளங்களிலும் இதே குறை இருக்கும். அங்கே கோப்பின் நேரடி முகவரியைக் கொடுப்பது எளிது. `Content-Disposition: attachment` என்ற தலைப்பு வந்தாலோ, உலாவி கோப்பைக் காட்டாமல் இறக்கிக்கொள்ளும். முதல் பக்கம் முன்னால் இருந்தும் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை.

செல்பேசியில் பிடிஎஃப்பை முழுவதும் இறக்கி வேறு செயலியிடம் கொடுக்கும் உலாவிகளிலும் அப்படித்தான். அங்கே கோப்பின் மொத்த அளவு மட்டுமே கணக்கு. எனவே மலர்ப் பக்கத்தில் இணைப்புக்கு மேலே அட்டையை 60 கிலோபைட் அளவுள்ள ஒரு சாதாரணப் படமாகவும், இணைப்பின் பக்கத்திலேயே கோப்பின் அளவையும் போட்டு வைத்தேன். 512 கிலோபிட் இணைப்பிலும் அந்தப் படம் ஒரு நொடியில் வந்துவிடுகிறது.