இன்ஜின் லைட் எரிகிறதா? மினுக்குகிறதா?

புதிய ஊரில் கையிருப்பைச் சுரண்டி பழைய கார் வாங்கியவருக்கு டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்தாலே வயிற்றைக் கலக்கும். முதலில் நிறத்தைப் பாருங்கள். எண்ணெய்க் கிண்டி போன்ற படம் சிவப்பாக எரிந்தால் பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓட்டினால் சில நிமிடங்களில் இன்ஜினே போய்விடும். வண்டியைத் தூக்கிச் செல்ல ஆகும் கூலி அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

அதிகம் குழப்புவது மஞ்சள் இன்ஜின் லைட். அது நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல் ஓடினால் பெரும்பாலும் சில நாள் பொறுக்கலாம். பெட்ரோல் மூடி சரியாக இறுகாவிட்டால்கூட எரியும். இறுக்கிய பிறகும் சில பயணங்கள் கழித்தே அணையும்.

மினுக்கினால் அப்படி விடக் கூடாது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் புகைக்குழாய்க்குள் போகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். காரின் விலையுயர்ந்த பாகங்களில் அதுவும் ஒன்று. ஆக்ஸிலேட்டரைக் குறையுங்கள், அப்புறமும் மினுக்கினால் நிறுத்திவிடுங்கள்.

எனக்கு ஒரு மேட்டில் ஏறும்போது இப்படி மினுக்கியது, வண்டியும் குலுங்கியது. ஒரு பட்டறையில் பெட்ரோலைப் பற்றவைக்கும் நான்கு பிளக், அவற்றுக்கு மின்சாரம் தரும் நான்கு காயில், கன்வெர்ட்டர் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார்கள். அந்தத் தொகையைக் கேட்டு அன்றிரவு தூக்கமே இல்லை. மறுநாள் காரில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் கோடு ரீடர் ஒன்றை இரவல் வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினேன். P0302 என்று வந்தது. இந்த வகைக் கோடில் கடைசி எண்தான் சிலிண்டர். அதாவது இரண்டாவதில் கோளாறு.

என் காரில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில். இன்ஜின் ஆறியதும் இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் பொருத்தினேன். ரீடரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டினேன். இப்போது P0303. கோளாறு காயிலோடு கூடவே நகர்ந்துவிட்டதால் குற்றவாளி அந்த ஒரு காயில்தான். அதை மட்டும் மாற்றினேன். பிளக்குகள் தேய்ந்திருந்ததால் நான்கையும் மாற்றினேன், ஏனென்றால் தேய்ந்த பிளக் புதுக் காயிலையும் சோர வைக்கும். கன்வெர்ட்டரைத் தொடவே இல்லை.

கோடு P0302 ஆகவே நின்றிருந்தால் அடுத்து பிளக்கை இதேபோல் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். அதிலும் நகராவிட்டால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலோ, சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தமான கம்ப்ரஷனிலோ கோளாறு இருக்கலாம். அதைச் சோதிக்க மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். அப்போது வெறுமனே "லைட் எரியுது" என்று சொல்லாமல் கோடு எண்ணையும், நீங்கள் மாற்றிப் பார்த்ததையும் சொல்லுங்கள். சோதிக்கும் கூலியைத் தனியாகக் கேட்டுக்கொண்டு, முடிவு தெரிந்த பிறகே பாகம் மாற்றச் சம்மதியுங்கள்.