அம்மாயி சொன்ன வரிசையிலேயே ஓர் அத்தியாயம் எழுதுவது எப்படி?

சேலம் அம்மாபேட்டையில் நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் அம்மாயி, தன் கதையைப் பிறப்பிலிருந்து தொடங்கவில்லை. நெய்பவர் காலை இறக்கி மிதிக்கத் தறிக்குக் கீழே வெட்டியிருந்த தறிக்குழியை மண் போட்டு மூடிய நாளிலிருந்து தொடங்கினார். முதல் வரைவில் நான் அனைத்தையும் ஆண்டு வாரியாக மாற்றி அடுக்கினேன். ஏற்காட்டுச் சிறுவயது, திருமணம், தறி விற்றது என்று அது பள்ளிக்கட்டுரை போல ஆகிவிட்டது. அதைத் திருத்தியபோது கற்ற முறை இது.

முதலில், கைபேசியில் பதிவு செய்ததைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத நான்கைந்து மணி நேரமாவது ஆகும். இந்தக் கட்டத்தில் எதையும் திருத்த வேண்டாம். "அட, அதுக்கு முன்னாடியே" போன்ற சொற்களைக் கட்டாயம் விடாதீர்கள்.

அடுத்து, பேச்சு வேறொரு காலத்துக்குத் தாவும் இடங்களில் கோடு போட்டு, துண்டுகளுக்கு எண் இடுங்கள். ஒவ்வொரு கோட்டின் அருகிலும், எந்தச் சொல் அவரை அங்கே அழைத்துச் சென்றது என்று குறியுங்கள். வேலையின் உயிர்நாடி இதுதான். என் அம்மாயியின் பேச்சு இப்படிப் போனது:

1. "மண்ணைக் கொட்டி மூடினாங்க கண்ணு. அந்தக் குழியிலதான் வந்த புதுசுல நான் விழுந்தேன்."
2. "புதுக்காசு வந்த வருஷம் கல்யாணம். விழுந்ததும் எல்லாரும் பதறுனாங்க, எனக்குச் சிரிப்பு. மலையில காப்பிக் குழியில விழாத நாளா?"
3. காப்பிக் கன்று நட வெட்டிய குழிகளில் ஒளிந்து விளையாடிய ஏற்காட்டு நாட்கள்.

மூன்றையும் இணைப்பது குழி. ஆண்டுப்படி அடுக்கியபோது அறுந்துபோனது அந்த இழைதான்.

மூன்றாவதாக, காலவரிசைப் பட்டியல் ஒன்றைத் தனித்தாளில் எழுதுங்கள். அது உங்களுக்கு மட்டுமே. அம்மாயி சொன்ன புதுக்காசு நயா பைசாதான், அது 1957 ஏப்ரலில் வந்தது என்பதால் திருமண ஆண்டு தெரிந்துவிடுகிறது. ஆனால் அத்தியாயத்தில் "புதுக்காசு வந்த வருஷம்" என்றே இருக்கட்டும். வாசகர் குழம்பாமலிருக்க, தாவலுக்குப் பின் வரும் முதல் வாக்கியத்தில் இடமோ ஆளோ தெரிந்தால் போதும்: "ஏற்காட்டில் அப்பாவின் மளிகைக் கடைக்குப் பின்னால்..."

ஒரே நிகழ்ச்சியை இருமுறை சொல்லியிருந்தால், முதல் இடத்தில் முழுமையாக எழுதி, இரண்டாம் இடத்தில் புதிதாக வந்த விவரத்தை மட்டும் ஒரு வரியில் வையுங்கள். குழியை மூடியதை அம்மாயி மறுபடி சொன்னபோதுதான், தாத்தா அன்று சாப்பிடவில்லை என்பது வெளிவந்தது. அதை முதலிலேயே சேர்க்க எனக்குக் கை அரித்தது, சேர்க்கவில்லை. அதைச் சொல்ல அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது.

கடைசியாக, அவருக்கே உரக்கப் படித்துக் காட்டுங்கள். "இதை ஏன் இங்க சொல்ற?" என்று குறுக்கிட்டால், பதிவில் அந்த இடத்தைத் தேடிக் கேளுங்கள். எனக்கு இருமுறை அப்படி நேர்ந்தது. இரண்டிலும் துண்டை இடம் மாற்றியிருந்தது நான்தான்.